உமித் திருகுக்கு ஒரு தமிழ்ப் பொருட்பட்டியல்

கள்ளக்குறிச்சி வட்டாரத்து இரும்புப் பட்டறைகளுக்கு வேலை பெரும்பாலும் வயலையும் ஆலையையும் சுற்றியே அமைகிறது. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இப்பகுதியில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. நெல் அரைக்கும் நவீன அரிசி ஆலைகள் இருக்கின்றன. கல்வராயன் மலையிலும் அதன் அடிவாரத்திலும் விளையும் மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. இந்த ஆலைகளுக்கு வேண்டிய கடத்திகள், தொட்டிகள், சட்டங்கள், டிரெய்லர்கள் ஆகியவற்றின் வரைபடங்கள் வடிவமைப்பு அலுவலகங்களிலிருந்து ஆங்கிலத்திலேயே வருகின்றன. ஆனால் அவற்றைப் பார்த்துத் தகடு வெட்டுபவரும் துளையிடுபவரும் பற்றவைப்பவரும் தமிழில் மட்டுமே தடையின்றிப் படிப்பவர்களாக இருக்கும்போது, வரைபடத்தின் குறிப்புகளையும் பொருட்பட்டியலையும் தமிழில் தர வேண்டிய தேவை எழுகிறது.

பொருட்பட்டியல் என்பது ஓர் இயந்திரத்தின் ஒவ்வொரு பாகத்துக்கும் வரிசை எண், பெயர், அளவு, உலோகத்தின் தரம், எண்ணிக்கை ஆகியவற்றை வரிசையாகத் தரும் அட்டவணை. பட்டறையில் இதை மெட்டீரியல் லிஸ்ட் என்பார்கள். வரைபடத்தில் ஒவ்வொரு பாகத்திலிருந்தும் ஒரு கோடு நீண்டு வட்டத்துக்குள் எழுதிய எண்ணில் முடிகிறது. பலூன் எனப்படும் அந்த வட்டத்தின் எண்ணும் பட்டியலின் வரிசை எண்ணும் ஒன்றே. எனவே பட்டியலில் ஒரு சொல் தவறினால், வரைபடம் சரியாக இருந்தும் தவறான பாகம் உருவாகிவிடும். இந்த மொழிபெயர்ப்பில் எங்கே ஆபத்து மறைந்திருக்கிறது என்பதை விளக்க, அரிசி ஆலையில் உமியைக் கொதிகலனுக்குக் கொண்டுசெல்லும் ஒரு திருகு கடத்தியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பட்டறையில் ஸ்க்ரூ கன்வேயர் எனப்படும் இது, அரைவட்ட அடியுள்ள தொட்டி ஒன்றுக்குள், குழாயைச் சுற்றிச் சுருளாகப் பற்றவைத்த இரும்புப் பிளேடு சுழன்று உமியைத் தள்ளிக்கொண்டு போகும் அமைப்பாகும்.

எது மொழி, எது குறியீடு

மொழிபெயர்ப்பின் முதல் வேலை, பட்டியலில் உள்ளவற்றில் எவை மொழி, எவை குறியீடு என்று பிரிப்பதாகும். எடுத்துக்காட்டின் மூன்று வரிகளை அவை கணினித் திரையில் தோன்றும் வடிவத்திலேயே காணலாம்.

```
3 | FLIGHT, RH       | Ø250 x 5 THK x 250 PITCH | IS 2062 E250 | 12 NOS
5 | END SHAFT        | Ø50 x 400 LG             | EN8          | 2 NOS
7 | PILLOW BLOCK BRG | UCP 210                  | -            | 2 NOS
```

இவற்றில் IS 2062 E250 என்பது கட்டுமான இரும்புக்கான இந்தியத் தர நிர்ணயத்தின் எண்ணும் அதன் ஒரு தரமும் ஆகும். EN8 என்பது தண்டுகளுக்குப் பயன்படும் நடுத்தரக் கரிம எஃகின் பெயர். UCP 210 என்பது அடித்தளத்தோடு கூடிய பேரிங்கின் குறியீடு, அதன் கடைசி இரு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்துளையின் விட்டமான 50 மில்லிமீட்டர் கிடைக்கிறது. இவை மூன்றும் கடையில் கேட்கும்போதும் பாகத்தின் மேல் பொறிக்கப்பட்டிருக்கும்போதும் இதே எழுத்துகளில்தான் இருக்கின்றன. ஆகவே இவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதுவதுகூட உதவாது. பேரிங்கின் உடம்பில் உள்ள எழுத்தையும் கையில் உள்ள தாளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி அதனால் போய்விடும். தரம், தர நிர்ணய எண், மரையின் அளவு, பொருத்தத்துக்கான குறியீடு, வரைபட எண், திருத்த எழுத்து ஆகிய அனைத்தும் இவ்வாறே தொடப்படாமல் இருக்க வேண்டியவை.

மொழிக்கு உரியவை பாகத்தின் பெயரும், குறிப்புகளும், எண்களோடு ஒட்டி நிற்கும் குறுஞ்சொற்களுமே. இவற்றுள் பாகத்தின் பெயருக்கே மொழிபெயர்ப்பவர் அதிக நேரம் செலவிடுவதுண்டு; ஆனால் பட்டறையில் இழப்பை உண்டாக்குபவை பெரும்பாலும் பெயரோடு வால் போல ஒட்டியிருக்கும் இரண்டு மூன்று எழுத்துகள்தான். மேற்கண்டவற்றில் வரிசை எண் 3 கொண்ட வரியே இதற்குப் போதிய சான்று.

பெயருக்கு மூன்று சொற்கள்

தமிழில் ஓர் இயந்திரப் பாகத்துக்குப் பொதுவாக மூன்று அடுக்கில் சொற்கள் கிடைக்கின்றன. முதலாவது கலைச்சொல் அகராதிகளின் சொல். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் தமிழ்வழியில் இயந்திரப் பொறியியலும் கட்டடப் பொறியியலும் தொடங்கியபோது வகுப்பறைக்குள் வந்தவை இவ்வகையைச் சேர்ந்தவை. இரண்டாவது தொழிற்பயிற்சி நிலையங்களின் பாடநூற்சொல். சென்னை கிண்டியில் ஜெர்மானிய அரசின் உதவியோடு 1986-இல் தொடங்கப்பட்டு, இன்று நிமி என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் நிறுவனம் ஃபிட்டர், வெல்டர், டர்னர் போன்ற பிரிவுகளுக்குத் தமிழிலும் நூல்களை வெளியிடுகிறது. மூன்றாவது பட்டறையில் வழங்கும் சொல். ஒரே பாகம் முதல் அடுக்கில் தாங்கி என்றும் மூன்றாம் அடுக்கில் பேரிங் என்றும், முதல் அடுக்கில் சுழல்தண்டு என்றும் மூன்றாம் அடுக்கில் ஷாஃப்ட் என்றும் வழங்குகிறது.

பொருட்பட்டியலுக்கு எந்த அடுக்கு ஏற்றது என்பதைத் தீர்மானிக்க எளிய அளவுகோல் ஒன்று உண்டு: ஸ்டோரில் இருப்பவர் அந்தப் பாகத்தைக் கடையில் எந்தச் சொல்லால் கேட்டு வாங்குகிறாரோ அந்தச் சொல்லே பட்டியலின் சொல். இந்த அளவுகோலின்படி பேரிங், ஷாஃப்ட், ஆங்கிள், சேனல், போல்ட், வாஷர் ஆகியவை அப்படியே தமிழ் எழுத்தில் நிற்கும். தகடு, குழாய், தொட்டி, மூடி, மரை, துளை, விளிம்பு ஆகியவை தமிழாகவே நிற்கும், ஏனெனில் பட்டறையிலும் அவை தமிழாகவே வழங்குகின்றன. ஷாஃப்ட்டையும் புல்லியையும் ஒன்றாகப் பூட்டுவதற்காக இரண்டிலும் வெட்டிய காடிக்குள் செருகும் சிறு சதுரக் கட்டையைச் சாவி என்று மொழிபெயர்ப்பது பாடநூலுக்குப் பொருந்தலாம். ஸ்டோர் சீட்டில் அது பூட்டுச் சாவியாகப் படிக்கப்படும், ஆகவே அங்கே கீ என்றே எழுதுவது பாதுகாப்பானது.

பாடநூற்சொல்லைக் கற்று வரும் இளைஞர்களும் பட்டறைச் சொல்லோடு பல ஆண்டுகள் வேலை செய்தவர்களும் ஒரே தாளைப் படிக்கும் இடங்களில், இரண்டையும் இணைத்து ஒரு பக்கச் சொற்பட்டியலைச் சுவரில் ஒட்டலாம். ஆனால் வரைபடத்திலும் பொருட்பட்டியலிலும் ஒரு பாகத்துக்கு ஒரே சொல் மட்டும் வர வேண்டும். முதல் தாளில் தகடு என்றும் இரண்டாம் தாளில் பிளேட் என்றும் எழுதினால், இரண்டும் வேறு வேறு பாகங்கள் என்று எண்ண வெட்டுபவருக்கு முழு உரிமை உண்டு.

மூன்றாம் வரியின் மூன்று பொறிகள்

வரிசை எண் 3 கொண்ட மூன்றாம் வரி சுருள் பிளேடைக் குறிக்கிறது. அதன் வெளிவிட்டம் 250 மில்லிமீட்டர், தடிமன் 5 மில்லிமீட்டர். பிட்ச் 250 மில்லிமீட்டர் என்பது, சுருள் ஒரு முழுச் சுற்று சுற்றி வரும்போது குழாயின் நீளவாக்கில் முன்னேறும் தூரம். நடுக்குழாய் 65 என்ற பெயரளவு கொண்டது. குழாய் வணிகத்தில் பெயரளவு என்பது உண்மையான விட்டம் அன்று. இந்தக் குழாயின் வெளிவிட்டம் 76.1 மில்லிமீட்டர். சுருளின் மொத்த நீளம் 3 மீட்டர் என்று கொண்டால், 250 மில்லிமீட்டர் பிட்சுக்கு 12 சுற்றுகள் வருகின்றன. அந்த வரியின் கடைசியில் உள்ள எண்ணின் பொருள் அதுவே.

முதல் பொறி பெயரில் இருக்கிறது. தட்டையான தகட்டிலிருந்து வளையம் வெட்டி, அதன் ஒரு பக்கத்தை ஆரவாக்கில் பிளந்து, இரு நுனிகளையும் எதிரெதிராக இழுத்துத்தான் சுருள் பிளேடு செய்யப்படுகிறது. மொழிபெயர்ப்பவர் இதை அறியாமல் பாகத்தின் பெயரை ‘வட்டத் தகடு’ என்று எழுதி, அளவை 250 என்றும் எண்ணிக்கையை 12 என்றும் அப்படியே கொடுத்துவிட்டால், வெட்டுபவர் 250 மில்லிமீட்டர் விட்டத்தில், குழாய்க்கு ஏற்ற 76 மில்லிமீட்டர் துளையோடு 12 வளையங்களை வெட்டிவிடுவார். அவற்றை இழுக்கும்போது உள்வட்டம் சுருங்கிக் குழாயை இறுக்கிப் பிடிக்கும், வெளிவிட்டமும் 250-க்குக் குறைந்துபோகும். அந்த வளையங்களை வெட்டியதால் பயனற்றுப்போன 12 சதுரத் தகடுகளின் எடை ஏறத்தாழ 29 கிலோ.

வெட்ட வேண்டிய அளவு வேறு. 250 வெளிவிட்டமுள்ள சுருளின் ஒரு சுற்றை நேராக நீட்டினால் வெளிவிளிம்பின் நீளம் ஏறத்தாழ 824 மில்லிமீட்டர், குழாயைத் தொடும் உள்விளிம்பின் நீளம் 346 மில்லிமீட்டர். ஒவ்வொன்றும் ஒரு செங்கோண முக்கோணத்தின் கர்ணம், அதன் ஒரு பக்கம் அந்த விட்டத்தின் சுற்றளவு, மற்றொரு பக்கம் பிட்ச். பிளேடின் அகலம் 87 மில்லிமீட்டர். அகலத்தை உள்நீளத்தால் பெருக்கி, இரு நீளங்களின் வித்தியாசத்தால் வகுத்தால் வெட்ட வேண்டிய வளையத்தின் உள் ஆரமான 63 மில்லிமீட்டர் கிடைக்கிறது. ஆக, வளையம் ஏறத்தாழ 126 உள்விட்டமும் 300 வெளிவிட்டமும் கொண்டிருக்க வேண்டும். இழுக்கும்போது தகடு சற்று மெலிந்து நீள்வதால், முதல் வளையத்தை இழுத்துப் பார்த்துவிட்டு இந்த அளவைச் சிறிது திருத்துவதும் உண்டு. முழு வளையத்தையும் பயன்படுத்தினால் ஒரு வளையம் ஒரு சுற்றுக்குச் சற்று அதிகமாக, ஏறத்தாழ 286 மில்லிமீட்டர் தூரத்துக்கு வருகிறது. எனவே 3 மீட்டருக்கு 11 வளையங்கள் போதும். ஒவ்வொரு வளையத்திலும் 45 பாகை அளவுத் துண்டை நீக்கி, வளையத்துக்கு ஒரு சுற்று என்று வைத்தால் 12 வளையங்கள் தேவை.

இதிலிருந்து மொழிபெயர்ப்பின் முடிவு தெளிவாகிறது. பாகத்தின் பெயர் ‘சுருள் பிளேடு (இழுத்து முடித்த அளவு)’ என்று இருக்க வேண்டும். எண்ணிக்கைக் கட்டத்தில் 12 என்ற எண்ணோடு ‘சுற்று’ என்ற அலகும் சேர வேண்டும். வளையத்தின் வெட்டும் அளவு தனி வரியாக வர வேண்டுமானால் அதைச் சேர்க்க வேண்டியவர் வடிவமைப்பாளர், மொழிபெயர்ப்பவர் அல்லர். மூலத்தில் எண்ணிக்கைக்கு ஒரே அலகு எல்லா வரிகளுக்கும் வந்திருப்பதே குழப்பத்தின் வேர்.

இரண்டாம் பொறி, அந்த எண்ணிக்கை எதற்கு உரியது என்பது. பட்டியல் ஒரு கடத்திக்கு எழுதப்பட்டு, ஆணை இரண்டு கடத்திகளுக்கு வந்திருந்தால், மொத்தம் எத்தனை என்ற கேள்விக்கு வெட்டும் மேசையிலேயே விடை இருக்க வேண்டும். தமிழ்ப் பட்டியலில் ‘ஒரு இயந்திரத்துக்கு’ என்றும் ‘இந்த ஆணைக்கு மொத்தம்’ என்றும் இரு கட்டங்களை வைப்பது, வாய்க்கணக்குக்கு இடம் தராமல் இதைத் தீர்க்கிறது.

மூன்றாம் பொறிதான் மிக நுட்பமானது. பெயருக்குப் பின் வரும் RH என்ற இரண்டு எழுத்துகள் சுருளின் கையைக் குறிக்கின்றன. அதாவது சுருள் எந்தத் திசையில் முறுகியிருக்கிறது என்பதை. கடையில் வாங்கும் சாதாரண போல்ட்டின் மரை எந்தப் பக்கம் முறுகியிருக்கிறதோ அதுவே வலக்கைச் சுருள்: போல்ட்டை நிமிர்த்திப் பிடித்தால், பார்ப்பவர் பக்கம் உள்ள மரைக்கோடு வலப்புறம் நோக்கி ஏறுகிறது. இதை ‘வலது’ என்று மட்டும் எழுதினால், பொருத்துபவர் அதை இடமாகப் படித்து, இந்தப் பாகம் கடத்தியின் வலது பக்கத்துக்கு உரியது என்று கொள்வார். தொட்டியின் இடப்பக்க, வலப்பக்கத் தகடுகளுக்கு அதே சொல் அதே தாளில் வருவதால் அவர் அப்படிக் கொள்வதில் பிழையும் இல்லை.

இங்கே நல்ல தமிழ்ச் சொல் ஒன்று தானாகவே முன்வந்து நிற்கும்: வலம்புரி. ஆனால் அது இவ்விடத்தில் நேர் எதிர்ப் பொருளைத் தருவது. அரிதாகக் கிடைப்பதால் போற்றப்படும் வலம்புரிச் சங்கின் முறுக்கு, உயிரியல் வகைப்பாட்டில் இடக்கை முறுக்காகவும், எங்கும் கிடைக்கும் இடம்புரிச் சங்கின் முறுக்கு வலக்கை முறுக்காகவும் கொள்ளப்படுகிறது. சங்கை எந்த முனையைக் கீழே வைத்துப் பார்ப்பது என்ற மரபு வேறுபட்டதால் பெயரும் மாறிநிற்கிறது. சங்கை அறிந்த ஒருவர் அந்தச் சொல்லை நம்பி முறுக்கினால், கிடைக்கும் சுருள் சாதாரண போல்ட்டுக்கு எதிராக இருக்கும். ஆகவே பட்டியலில் RH என்ற குறியீட்டை அப்படியே வைத்து, அதன் பக்கத்தில் ‘சாதாரண போல்ட் போல’ என்று எழுதுவதே பிழைக்கு இடம் தராதது. LH என்று வந்தால் ‘சாதாரண போல்ட்டுக்கு எதிர்’. பற்றவைக்கும் மேசையின் மேல் ஒரு போல்ட்டை நிறுத்தி வைத்து ஒப்பிட்டால் சோதனையும் முடிந்துவிடுகிறது.

கை மாறினால் என்ன நேரும் என்பதும் இங்கே சொல்லத்தக்கது. ஒரு முனையில் நின்று பார்க்கும்போது வலக்கைச் சுருள் கடிகாரம் சுற்றும் திசையில் சுழன்றால், பொருள் பார்ப்பவரை நோக்கி வரும். இடக்கைச் சுருள் அதே திசையில் சுழன்றால் அவரை விட்டு விலகும். எனவே தவறான கையில் செய்த திருகு, உமியைக் கொதிகலன் வாயில் கொட்டாமல் மறுமுனைத் தகட்டில் கொண்டுபோய் அடைத்து இறுக்கும், மோட்டார் அதிக மின்சாரம் இழுத்துத் திணறும். மும்முனை மோட்டாரின் இரு கம்பிகளை மாற்றிக் கொடுத்தால் சுழலும் திசை மாறி வேலை நடந்துவிடும் என்பதால், இந்தப் பிழை பல நேரங்களில் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுகிறது. இருபுறமிருந்தும் பொருளைக் கொண்டுவந்து நடுவில் கொட்டும் கடத்தியில் அந்த மறைப்புக்கு வழியில்லை. அதன் ஒரு பாதி வலக்கையாகவும் மறுபாதி இடக்கையாகவும் இருக்க வேண்டும், இரண்டையும் ஒரே கையில் செய்துவிட்டால் வெட்டி எடுத்து மறுபடி பற்றவைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

அளவின் மொழி

இவ்வட்டாரப் பட்டறைகளில் இரண்டு அளவு முறைகள் அக்கம்பக்கமாக வழங்குகின்றன. வரைபடம் மில்லிமீட்டரில் இருக்கிறது. பேச்சு பெரும்பாலும் அங்குலத்திலும் நூலிலும் இருக்கிறது. ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல், ஆகவே 4 நூல் என்றால் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். வரைபடத்தில் M12 என்று வரும் போல்ட்டை 4 நூல் போல்ட் என்று மொழிபெயர்ப்பது பேச்சுக்கு இயல்பாகத் தோன்றினாலும், அது வேறு போல்ட். M12 போல்ட்டின் தண்டு 12 மில்லிமீட்டர், மரைக்கு மரை 1.75 மில்லிமீட்டர், அரை அங்குல விட்வொர்த் போல்ட்டில் ஓர் அங்குலத்துக்கு 12 மரை, அதாவது மரைக்கு மரை 2.12 மில்லிமீட்டர். ஒன்றின் நட்டு மற்றொன்றில் ஒரு சுற்றோ இரண்டோ போய் இறுகிவிடும். இறுகியதை மரை சரியாகப் பிடித்ததாக எண்ணி ஸ்பேனரால் மேலும் திருகினால் மரை அழிந்துபோகும்.

தகட்டின் தடிமனிலும் இதே நிலை. 3 மில்லிமீட்டர் தகடு என்பதை 10 கேஜ் என்றோ 11 கேஜ் என்றோ எழுதத் தோன்றும், ஆனால் 10 கேஜ் 3.25 மில்லிமீட்டரும் 11 கேஜ் 2.95 மில்லிமீட்டரும் ஆகும். ஆகவே அளவை மொழிபெயர்ப்பதில் ஒரே விதி போதும்: அளவை மாற்றாமல் அப்படியே வைப்பது. பேச்சில் நூல் என்று வழங்குவதைத் தடுக்க வேண்டியதில்லை, தாளில் மட்டும் அது வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த விதியைக் காப்பாற்ற, தமிழ்ப் பட்டியலின் அளவுக் கட்டத்தைக் கையால் தட்டச்சு செய்யாமல், மூலக் கட்டத்தைச் சுட்டும் சூத்திரத்தால் நிரப்பலாம். அப்போது வடிவமைப்பாளர் அளவைத் திருத்தினால் தமிழ்ப் பட்டியலிலும் அது தானாக மாறும்.

```
=C5
```

வரைபடத்தின் குறுஞ்சொற்கள்

வரைபடத்தின் மேல் ஆங்காங்கே வரும் குறுஞ்சொற்களைச் சொல்லுக்குச் சொல் என்று மொழிபெயர்க்க முடியாது. ஒவ்வொன்றும் செய்ய வேண்டிய ஒரு செயலைச் சுருக்கிச் சொல்வதால், தமிழில் அந்தச் செயலையே வினையோடு எழுத வேண்டியிருக்கிறது. TYP என்பது ஓர் இடத்தில் மட்டும் அளவு கொடுத்துவிட்டு, அதைப் போன்ற எல்லா இடங்களுக்கும் அது பொருந்தும் என்று சொல்வது. ‘மாதிரி’ என்று எழுதினால் யாருக்கும் பொருள் விளங்காது, ‘இதுபோன்ற எல்லா இடத்திலும் இதே அளவு’ என்று எழுதினால் விளங்கும். REF என்பது சரிபார்ப்பதற்காக மட்டும் கொடுக்கப்பட்ட அளவு, அதை வைத்து வெட்டக் கூடாது. ஆகவே ‘பார்வைக்கு மட்டும், இதை வைத்து வெட்டாதே’ என்ற பொருள் தமிழில் வெளிப்படையாக வர வேண்டும். DRILL ON ASSEMBLY என்ற குறிப்பு, இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்தபின் ஒரே நேரத்தில் துளையிடச் சொல்வது. ‘பொருத்தும்போது துளையிடவும்’ என்ற மொழிபெயர்ப்பு, பாகங்களைத் தனித்தனியே துளையிட்டு எடுத்துவரவும் இடம் கொடுப்பதால், ‘சேர்த்துப் பிடித்தபின் இரண்டையும் ஒன்றாகத் துளையிடவும், முன்பே துளையிட வேண்டாம்’ என்று விரித்தெழுதுவதே சரி.

இடைவிட்டுப் பற்றவைப்பதற்கான அளவு இவற்றுள் தனிக் கவனம் பெறத்தக்கது. கடத்தித் தொட்டியின் மேல்விளிம்பில் 3 மில்லிமீட்டர் தகட்டோடு ஆங்கிளைச் சேர்க்கும்போது, தொடர்ச்சியாகப் பற்றவைத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும் என்பதால், சிறு சிறு துண்டுகளாக இடைவெளி விட்டுப் பற்றவைக்கச் சொல்வதுண்டு. அந்தக் குறிப்பு 50-150 என்று வந்தால், அமெரிக்க வழக்கில் 50 என்பது பற்றின் நீளம், 150 என்பது ஒரு பற்றின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் வரை. சர்வதேச வழக்கில் நீளத்துக்குப் பின் அடைப்புக்குறிக்குள் வரும் எண், இரண்டு பற்றுகளுக்கு நடுவே விட்டுவைக்கும் வெற்று இடைவெளி. முதல் முறையில் 3 மீட்டர் விளிம்புக்கு 20 பற்றுகள் வரும். 150-ஐ வெற்று இடைவெளியாகப் படித்தால் 15 பற்றுகளே வரும், பற்றின் மொத்த நீளம் நான்கில் ஒரு பங்கு குறையும். மூலத்திலிருந்து எண்களைத் தமிழ்த் தாளுக்கு அப்படியே எடுத்துவைத்தால் இந்த ஐயமும் அப்படியே வந்து சேரும். எனவே எந்த வழக்கு என்று வடிவமைப்பாளரிடம் கேட்டறிந்து, ‘50 பற்று, 100 இடைவெளி’ என்று இரண்டு எண்ணுக்கும் பெயர் சூட்டி எழுத வேண்டும்.

எழுத்துரு, இடம், திருத்தம்

தமிழ் எழுத்துகள் வரைபடத்தில் ஏறும்போது எதிர்கொள்ளும் தடை பெரும்பாலும் எழுத்துருவைச் சார்ந்தது. ஆட்டோகேட் மென்பொருளோடு வரும் .shx வகைக் கோட்டெழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் இல்லாததால், அங்கே தமிழ் கேள்விக்குறிகளாகவோ வெற்றுக் கட்டங்களாகவோ தோன்றும். STYLE கட்டளையில் Nirmala UI, Latha போன்ற யூனிகோட் எழுத்துருவைத் தேர்ந்தால் சரியாகிவிடும். பழைய தனிக்குறியீட்டு எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத அச்சுக்கடைக் கணினியில் பொருளற்ற ரோமன் எழுத்துகளாக விழும் என்பதால், கடைக்கு PDF கோப்பையே அனுப்ப வேண்டும். எக்செல் அட்டவணையைக் காற்புள்ளிக் கோப்பாகச் சேமிக்கும்போது CSV UTF-8 என்ற வகையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாக மாறும்.

தமிழ்க் குறிப்பு ஆங்கிலக் குறிப்பைவிட நீளமானது, அதோடு மேலும் கீழும் குறிகள் கொண்ட எழுத்துகள் சிறிதாக அச்சானால் ஒன்றோடொன்று கலந்துவிடும். 3.5 மில்லிமீட்டர் உயரத்தில் எழுதிய A3 தாளை A4 தாளில் சுருக்கி அச்சிட்டால் எழுத்து 2.5 மில்லிமீட்டராகக் குறைகிறது. எண்ணெய்க் கையோடு தொட்டுத் தூசி படிந்த தாளில், இகரக் குறியும் ஈகாரக் குறியும் அந்த உயரத்தில் பிரிந்து தெரிவது கடினம். ஆகவே நீண்ட குறிப்புகளைப் படத்தின் மேல் எழுதாமல், குறிப்பு எண் ஒன்றை மட்டும் படத்தில் இட்டு, விளக்கத்தைத் தாளின் ஓரத்தில் 5 மில்லிமீட்டர் எழுத்தில் தருவது நல்லது.

திருத்த எழுத்தைப் பொறுத்தவரை, தமிழ்ப் பட்டியலைத் தனிக் கோப்பாக வைப்பதே பிழையின் தொடக்கமாகிறது. வரைபடம் இரண்டாம் திருத்தத்துக்குப் போனபின்னும் தமிழ்த் தாள் முதல் திருத்தத்தின் அளவுகளோடு சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். தமிழ்ப் பெயர், தமிழ்க் குறிப்பு ஆகிய கட்டங்களை மூலப் பட்டியலிலேயே கூடுதல் நெடுவரிசைகளாகச் சேர்த்து, இரண்டும் ஒரே திருத்த எழுத்தோடு ஒன்றாக அச்சாகும்படி வைத்தால் இந்தப் பிரிவு ஏற்படாது.

சரிபார்ப்பு

மொழிபெயர்த்த தாளை ஒருவரிடம் கொடுத்துப் புரிகிறதா என்று கேட்டால், புரிகிறது என்ற விடையே பெரும்பாலும் வரும். அந்த விடையிலிருந்து தாளைப் பற்றி எதையும் அறிய முடியாது. மாறாக, தாளை மட்டும் கையில் கொடுத்து, எந்த விளக்கமும் சொல்லாமல், தகட்டின் மேல் சாக்பீஸால் கோடு போடச் சொல்வதும், ஸ்டோரிலிருந்து ஐந்தாம் வரியின் பொருளை எடுத்துவரச் சொல்வதும், பற்றவைக்கும் இடங்களைக் குறிக்கச் சொல்வதும் நம்பத்தக்க சோதனை. ஒரே தாளை வைத்து இருவர் தனித்தனியே கோடு போட்டு, இரண்டும் வேறுபட்டால், பிழை படித்தவரிடம் இல்லை, தாளில் இருக்கிறது. திருகு கடத்தியைப் பொறுத்தவரை முதல் வளையத்தை இழுத்து, குழாயில் செருகி, வெளிவிட்டம் 250 வருகிறதா, பிட்ச் 250 வருகிறதா, பக்கத்தில் நிறுத்திய போல்ட்டின் மரைபோல முறுக்கு இருக்கிறதா என்று பார்ப்பதற்குள் மற்ற வளையங்களை வெட்டக் கூடாது.

இந்தச் சோதனைகளில் தெரியவரும் பிழைகளில் ஒரு பகுதி மொழிபெயர்ப்பால் நேர்ந்தது அன்று. எண்ணிக்கை சுற்றா வளையமா என்பதும், 150 என்பது இடைவெளியா மையத் தூரமா என்பதும், எண்ணிக்கை ஒரு கடத்திக்கா ஆணை முழுவதற்குமா என்பதும் ஆங்கில மூலத்திலேயே தீராமல் கிடந்த கேள்விகள். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஃபிட்டர் தம் அனுபவத்தால் அவற்றை ஊகித்து நிரப்பிக்கொண்டிருந்ததால் அவை வெளியே தெரியவில்லை. தமிழில் எழுத உட்காரும்போது ஊகத்துக்கு இடமில்லாமல் ஒரு சொல்லைத் தேர்ந்தாக வேண்டியிருப்பதால் அவை மேலே வருகின்றன. அவற்றுக்கு மொழிபெயர்ப்பவர் தாமாக விடை எழுதிவிட்டால், தமிழ்த் தாள் ஒன்றையும் ஆங்கிலத் தாள் வேறொன்றையும் சொல்லும், பழுது வந்து விவாதம் எழும்போது ஒப்பந்தத்தோடு இணைந்த ஆங்கில வரைபடமே செல்லுபடியாகும். ஆகவே ஒவ்வொரு கேள்வியும் வரிசை எண்ணோடு எழுதப்பட்டு வடிவமைப்பாளரிடம் போக வேண்டும், அவர் மூலத்தைத் திருத்தி அடுத்த திருத்த எழுத்தோடு அனுப்ப வேண்டும், அதன்பின்தான் தமிழ்க் கட்டம் நிரப்பப்பட வேண்டும். அதுவரை அந்தக் கட்டத்தில் ‘கேட்கவும்’ என்ற ஒரு சொல் இருப்பது, ஊகித்து எழுதிய எந்த நல்ல சொல்லையும்விட வெட்டும் மேசைக்குப் பயனுள்ளது.